காட்டிக்கொடுக்காத லீவு மெயில்

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கிண்டியில் இறுதிச் சுற்று இன்டர்வியூ. முதல் இரண்டு சுற்றுகள் வீடியோவில் முடிந்துவிட்டன. இதற்கு நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். வேலை பார்ப்பது சோழிங்கநல்லூரில், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெஸ்டிங் பிரிவில். பன்னிரண்டரைக்காவது கிளம்பினால்தான் ஓ.எம்.ஆர். நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேரலாம். மறுநாள் ரிலீஸ். கிளையன்ட் அமெரிக்காவில், மாலை ஆறு மணிக்கு மேல் மெயில்கள் வந்து குவியும். இந்த நிலைமையில் இருக்கும் ஒரு பெண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

அரை நாள் லீவு கேட்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. கிளம்புவதற்கு முன்பு மெயிலில் ஆட்டோ ரிப்ளை வைக்கலாமா, வைத்தால் என்ன எழுதுவது என்கிற இடத்தில்தான் கை தயங்கும். வேறு வேலை தேடுவது குற்றமல்ல. ஆனால் ஆஃபர் லெட்டர் கைக்கு வருவதற்கு முன்பே செய்தி மேனேஜருக்குப் போய்விட்டால், அடுத்த புராஜெக்ட்டில் பெயர் இருக்காது; ஆன்சைட் பட்டியலில் இருந்தாலும் நழுவிவிடும். இன்டர்வியூவும் கைகூடாமல் போனால் இரண்டு பக்கமும் நஷ்டம். அதனால்தான் மூன்று வரி மெயிலுக்கு இவ்வளவு யோசனை.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, ஆட்டோ ரிப்ளை தேவைதானா என்பது. ஒரு மணி நேர வீடியோ இன்டர்வியூவுக்குத் தேவையே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஒரு மணி நேரம் மெயிலுக்குப் பதில் வராவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஆட்டோ ரிப்ளை வந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். காலண்டரில் அந்த நேரத்தை அடைத்து வைத்தால் போதும். அரை நாள், ஒரு நாள் என்று வரும்போது, அந்த டீமின் பழக்கம் என்ன என்று பார்க்க வேண்டும். கிளையன்டோடு நேரடியாகப் பேசும் பொறுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் லீவன்று ஆட்டோ ரிப்ளை வைக்கிறார்கள் என்றால் இவரும் வைத்துத்தான் ஆக வேண்டும். யாருமே வைப்பதில்லை, வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம் என்றால், இவர் மட்டும் அழகாக ஒன்று தயாரித்து வைப்பது வம்பு. சந்தேகத்தைக் கிளப்புவது பெரும்பாலும் வாசகத்தில் இருக்கும் சொல் அல்ல. வழக்கத்திலிருந்து விலகுவதுதான்.

நமது உதாரணப் பெண்மணி கிளையன்டோடு தினமும் பேசுபவர். ரிலீஸ் வேறு. அதனால் வைக்கத்தான் வேண்டும். அவர் அலுவலகத்தில் இருப்பது அவுட்லுக்.

அவுட்லுக்கில் Automatic Replies என்கிற பகுதியைத் திறந்தால் நேரம் குறிக்க இடம் இருக்கிறது. எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று கொடுத்துவிடலாம். அதற்குக் கீழே, பலர் சரியாகக் கவனிக்காத ஒரு பிரிவினை இருக்கிறது. நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பெட்டி, வெளியே இருப்பவர்களுக்கு இன்னொரு பெட்டி. முதல் பெட்டியில் எழுதியதை அப்படியே நகலெடுத்து இரண்டாவதில் ஒட்டுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். சாதாரண லீவுக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. வேலை தேடும் நேரத்தில்தான் அந்த நகல் வேலை காலை வாரிவிடும்.

எப்படி என்றால், உள்ளே இருப்பவர்களுக்கான வாசகத்தில் "அவசரம் என்றால் இவரைக் கூப்பிடுங்கள்" என்று பக்கத்து இருக்கைக்காரரின் பெயரும் மொபைல் எண்ணும் இருக்கும். அது வெளியாருக்கும் போகிறது. இப்போது, எப்போதோ ஒரு முறை அவசரத்தில் ரெக்ரூட்டருக்கு அலுவலக மெயில் முகவரியிலிருந்து ஒரு பதில் அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்வியூ ஒருங்கிணைப்பாளர் அன்று பகல் ஒன்றரைக்கு அந்த முகவரிக்கே "கிளம்பிவிட்டீர்களா?" என்று ஒரு மெயில் தட்டுகிறார். அடுத்த நொடியே ஆட்டோ ரிப்ளை போகிறது. மொபைலில் கூப்பிட்டால் இவர் எடுக்கவில்லை, வண்டியில் இருக்கிறார். ஒருங்கிணைப்பாளர் ஆட்டோ ரிப்ளையில் இருக்கும் எண்ணை அழுத்துகிறார். பக்கத்து இருக்கைக்காரர் எடுக்கிறார். "சார், உங்க டீம் மேடத்துக்கு ரெண்டு மணிக்கு இன்டர்வியூ, இன்னும் வந்து சேரலையே?" அதற்குப் பிறகு மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்தச் சங்கிலியை இரண்டு இடங்களில் அறுத்துவிடலாம். ஒன்று, வேலை தேடும் விஷயத்தில் அலுவலக முகவரியை எதற்கும், ஒரே ஒரு முறைகூட, பயன்படுத்தாமல் இருப்பது. ஆட்டோ ரிப்ளைக்கு அப்பாலும் இதற்குக் காரணம் உண்டு: யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தலைப்பில், எப்போது மெயில் போனது என்பதை நிறுவனத்தின் ஐ.டி. நிர்வாகி தேடிப் பார்க்க வழி இருக்கிறது. இவர் தன் பெட்டியில் அழித்துவிட்டால் அந்தப் பதிவு அழிந்துவிடாது. இன்டர்வியூ என்று தலைப்பிட்ட மெயிலுக்கு ஆட்டோ ரிப்ளை போனால், அது பெரும்பாலும் அதே தலைப்பைச் சுமந்துகொண்டுதான் போகும்.

இரண்டாவது இடம், வெளியாருக்கான பெட்டி. அங்கே தனி ஆள் பெயரோ மொபைல் எண்ணோ வேண்டாம். டீமுக்கென்று பொது மெயில் முகவரி இருந்தால் அது போதும். அதோடு, வெளியாருக்குப் பதில் போவதை My contacts only என்று தன் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களோடு நிறுத்திவிடவும் வசதி உண்டு. கிளையன்ட் முகவரிகள் அந்தப் பட்டியலில் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சேமிக்காவிட்டால் கிளையன்டுக்கும் பதில் போகாது; மறுநாள் அது வேறு பிரச்சினை.

ஆட்டோ ரிப்ளை யார் கையில் போய்ச் சேரும் என்று அனுப்புபவருக்குத் தெரியாது என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 2008-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகராட்சி, கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்று ஒரு சாலைப் பலகை வைக்க நினைத்தது. ஆங்கில வாசகத்தை வெல்ஷ் மொழியில் மாற்றித் தரச் சொல்லி மெயில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷ் மொழியில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் அச்சடித்து நட்டுவிட்டார்கள். அதில் எழுதியிருந்தது, "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியது இருந்தால் அனுப்பிவையுங்கள்" என்று. அந்த மொழிபெயர்ப்பாளருக்கு மறைக்க ஒன்றும் இல்லாததால் அது சிரிப்போடு முடிந்தது. அந்த இரண்டு வரிகளில் அவர் தன் சொந்தக் கதை எதையும் எழுதாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

சொந்தக் கதைதான் அடுத்த பொறி. மறைக்க நினைப்பவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக எழுதுகிறார்கள். "குடும்பத்தில் தவிர்க்க முடியாத ஒரு வேலை காரணமாக" என்று ஆரம்பித்து, வங்கி, பாஸ்போர்ட், பிளம்பர் வரை போய்விடும். ஆட்டோ ரிப்ளை படிப்பவருக்கு வேண்டியது மூன்றே விவரங்கள்: எப்போது இல்லை, எப்போது பதில் வரும், அதுவரை யாரைக் கேட்பது. நமது பெண்மணி உள்ளே இருப்பவர்களுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்: "15-ஆம் தேதி புதன் பிற்பகல் அலுவலகத்தில் இல்லை. வியாழன் காலை பதில் அனுப்புகிறேன். ரிலீஸ் தொடர்பான அவசரத்துக்கு டீம் லீடைத் தொடர்புகொள்ளவும்." அலுவலக மெயிலில் இது ஆங்கிலத்தில் போகும், உள்ளடக்கம் இதைத் தாண்ட வேண்டியதில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. காரணமும் இல்லை. "இன்று மதியம்" என்று எழுதாமல் தேதி போட்டிருப்பதற்குக் காரணம், கிளையன்ட் அதைப் படிக்கும்போது அவர் ஊரில் "இன்று" என்பது வேறு நேரம்.

காய்ச்சல், தலைவலி என்று எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் கைக்கு வருவது அதுதான். உடம்பு சரியில்லை என்பது அரை நாளோடு முடியாது. மறுநாள் காலை காபி மெஷின் பக்கத்தில், "இப்போ எப்படி இருக்கு? டாக்டர்ட்ட போனீங்களா?" என்று லீட் கேட்பார். அக்கறையோடுதான் கேட்பார். அதற்கு ஒரு டாக்டரை உருவாக்க வேண்டும், ஒரு மாத்திரையைச் சொல்ல வேண்டும், மதியம் பிரியாணி வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். லீவு போர்ட்டலில் கேஷுவல் லீவு என்று போட்டுவிட்டு ஆட்டோ ரிப்ளையில் உடல்நிலை என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். காரணத்தைச் சொல்லாமல் இருப்பது ஒழுக்கம் சார்ந்த விஷயம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கு வைத்துக்கொள்ளச் சுலபம்.

இன்னும் சில வாசகங்கள் ஒரு பொய்கூட இல்லாமலே காட்டிக்கொடுத்துவிடும். "இனி இந்த மாட்யூல் பற்றிய எல்லாவற்றுக்கும் இவரைக் கேளுங்கள்" என்பது ராஜினாமா செய்து பொறுப்பை ஒப்படைத்தவர் எழுதும் வரி. "என் தனிப்பட்ட ஜிமெயிலுக்கு எழுதுங்கள்" என்பதும் அப்படித்தான். கிளையன்ட் மெயிலை வெளி முகவரிக்குத் திருப்புவது பல நிறுவனங்களில் விதிமீறலாகவும் ஆகும். "மெயில், போன் எதுவும் பார்க்க இயலாது" என்று எழுதிவிட்டு, மூன்றரைக்கு இன்டர்வியூ முடிந்த உற்சாகத்தில் ஆட்டோவில் உட்கார்ந்தபடி நாலு மெயிலுக்குப் பதில் போடுவதும் தவறு. பார்க்க முடியாது என்று எழுதினால் வியாழன் காலை வரை பார்க்கக் கூடாது. அந்த உறுதி இல்லாவிட்டால் "பதில் தாமதமாகலாம்" என்று எழுதுவது நல்லது.

வாசகம் சரியாக அமைந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதுதான், அது மெயிலில் மட்டும் இருக்காது என்பது நினைவுக்கு வர வேண்டும். அவுட்லுக்கில் சக ஊழியர் ஒருவர் இவர் பெயரை மெயிலின் மேல் வரியில் தட்டியதுமே, அனுப்புவதற்கு முன்பாகவே, ஆட்டோ ரிப்ளையின் தொடக்க வரிகள் அவர் திரையில் காட்டப்படும். டீம்ஸும் அதே கணக்கில் இணைந்திருந்தால் இவர் பெயருக்குப் பக்கத்தில் ஊதா நிறக் குறி வரும். சாட்டைத் திறப்பவருக்கு அதே வாசகம் தெரியும். ஆக, மெயிலே அனுப்பாதவர்களும் படிப்பார்கள். ஹெச்.ஆரில் இருப்பவரும், நான்கு மேசை தள்ளி இருப்பவரும் படிப்பார்கள்.

காலண்டரும் சேர்ந்து பேசும். இணையத்தில் திறக்கும் அவுட்லுக்கில் ஆட்டோ ரிப்ளைக்கு நேரம் குறிக்கும்போது, கூடவே மூன்று சின்னச் சதுரங்கள் வரும். அந்த நேரத்தைக் காலண்டரில் அடைக்கட்டுமா, புதிய அழைப்புகளை மறுத்துவிடட்டுமா, ஏற்கெனவே இருக்கும் மீட்டிங்குகளை ரத்து செய்யட்டுமா என்று அவை கேட்கும். முதல் சதுரம் பயனுள்ளது. மூன்றாவதைத் தொடவே கூடாது. இவர் கூட்டிய மீட்டிங் ஏதாவது அந்த நேரத்தில் இருந்தால், அழைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் ரத்து அறிவிப்பு பறக்கும். அமைதியாக வெளியே போக நினைத்தவர் ஊருக்கே தண்டோரா போட்டது போல் ஆகிவிடும். மீட்டிங்கை ஒரு நாள் முன்னதாகவே தானே நகர்த்தி வைப்பது சரி.

காலண்டரில் அடைத்த நேரத்துக்கு லீவு என்று பெயர் போட்டால் போதும். இன்டர்வியூ நடக்கும் இடத்தின் பெயர், ரெக்ரூட்டர் அனுப்பிய இணைப்பு எதுவும் அலுவலகக் காலண்டர் பக்கமே வரக் கூடாது. பல நிறுவனங்களில் ஒருவர் காலண்டரின் தலைப்பையும் இடத்தையும் மற்றவர்கள் பார்க்க முடிகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். எதற்கும் பூட்டுப் போடாதவர் அந்த அரை நாளுக்கு மட்டும் பூட்டுச் சின்னம் வைத்தால், அதுவும் கண்ணில் படும்.

கூகுள் மெயில் பயன்படுத்தும் நிறுவனங்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே இதற்குப் பெயர் Vacation responder. அதில் தேதி மட்டும்தான் குறிக்கலாம், மணி குறிக்க முடியாது. புதன்கிழமை என்று போட்டால் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தொடங்கி அன்று இரவு 11.59 வரை ஓடும். நமது பெண்மணி இதில் புதனுக்கு முன்கூட்டியே வைத்துவிட்டுத் தூங்கப் போனால், காலை ஒன்பதரைக்குத் தன் இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லோருக்கும் "இல்லை" என்று பதில் போகும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, "இங்கதானே இருக்கீங்க?" என்பார். அரை நாள் லீவுக்கு இதில் கிளம்பும்போது கையால்தான் இயக்க வேண்டும். கையெழுத்துப் பகுதி ஏதாவது வைத்திருந்தால் அதுவும் பதிலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும்; அதில் மொபைல் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜிமெயிலில் இன்னொரு விபத்துக்கும் வாய்ப்பு உண்டு. போனில் ஒரே செயலிக்குள் அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் ஆட்டோ ரிப்ளையைச் சொந்தக் கணக்கில் வைத்துவிட்டால், அன்று பகலில் எழுதும் ரெக்ரூட்டருக்கு "ரிலீஸ் அவசரத்துக்கு டீம் லீடைத் தொடர்புகொள்ளவும்" என்று பதில் போகும், லீடின் முகவரியோடு. அலுவலகக் கணக்கிலோ ஒன்றும் நடக்காது. இயக்கிய பிறகு மேலே எந்த முகவரி தெரிகிறது என்று ஒரு முறை பார்ப்பது பத்து விநாடி வேலை. இதன் மறுபக்கமும் உண்டு: தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சொந்த ஜிமெயிலில் முடிவுத் தேதி போடாமல் வைத்த ஆட்டோ ரிப்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இன்டர்வியூவுக்கு நேரம் கேட்டு எழுதியவருக்கு, இவர் ஊரில் இல்லை என்ற பதில் கிடைக்கும். அவர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வேலை தேடும் காலத்தில் சொந்த மெயிலில் ஆட்டோ ரிப்ளை இல்லாமல் இருப்பதே மேல்.

வாசகத்தில் பிழை இருப்பதைக் கிளம்பிய பிறகு கவனித்தால் என்ன ஆகும்? ஆட்டோ ரிப்ளைக்கு ஒரு ஞாபகசக்தி உண்டு. இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று முடிவில்லாமல் பதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க, ஒருவருக்கு ஒரு முறை அனுப்பிவிட்டால் குறிப்பிட்ட காலம் வரை மறுபடி அனுப்பாமல் இருப்பது மிகப் பழைய வழக்கம். யூனிக்ஸ் கணினிகளுக்கு எரிக் ஆல்மன் எழுதிய `vacation` என்ற நிரலிலேயே அந்த இடைவெளி ஒரு வாரம் என்று இருந்தது. 2004-இல் இணையத்தின் தொழில்நுட்ப விதிகளில் ஒன்றாக வெளியான RFC 3834-உம் இதே கட்டுப்பாட்டை வற்புறுத்துகிறது. அவுட்லுக்கில் ஒரு லீவுக் காலத்துக்கு ஒருவருக்கு ஒரு பதில். ஜிமெயிலில் வாசகத்தைத் திருத்தாதவரை, அதே ஆள் நான்கு நாளுக்குப் பிறகு எழுதினால்தான் மறுபடி போகும்; திருத்தினால், அவர் மறுபடி எழுதும்போது புதியது போகும். எப்படியானாலும், நடுவழியில் வாசகத்தைத் திருத்தினாலும், முதலில் எழுதிவிட்டு மறுபடி எழுதாதவர்கள் கையில் பழையதுதான் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் லீடும் கிளையன்டும்தான். பன்னிரண்டு இருபதுக்கு பையைத் தூக்கிக்கொண்டு எழுதாமல், முந்தின நாளே எழுதி, வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்து வைப்பதன் லாபம் இதுதான்.

இவ்வளவு செய்தாலும் ஆட்டோ ரிப்ளையால் காப்பாற்ற முடியாத சில இருக்கின்றன. ஒரே மாதத்தில் மூன்று புதன்கிழமை பிற்பகல்கள் லீவு என்றால் வாசகம் எப்படி இருந்தாலும் மேனேஜர் கணக்குப் போட்டுவிடுவார். இரண்டு இன்டர்வியூக்களை ஒரே நாளில் அடுக்கி ஒரு முழு நாள் லீவு எடுப்பது இதைவிட மேல். லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதாக ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி இருக்கிறது. சொந்த நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் தடுக்க முயல்வதாகச் சொல்லும் அந்த நிறுவனமே, முழு உத்தரவாதம் தருவதில்லை. வருஷம் முழுக்க ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாக வந்தவர் அன்று இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்து நின்றால், அதற்கு எந்த மெயிலும் பதில் சொல்ல முடியாது. உடையை வழியில் மாற்றிக்கொள்வதுதான் ஒரே வழி.

வியாழன் காலை முதல் வேலை, ஆட்டோ ரிப்ளை நின்றுவிட்டதா என்று பார்ப்பது. அவுட்லுக்கில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மேலே ஒரு பட்டை தெரியும், அங்கேயே Turn off என்று இருக்கும். ஜிமெயிலில் End now. திரும்பி வந்த பிறகும் ஓடும் ஆட்டோ ரிப்ளை, நேற்று ஏன் போனார் என்ற கேள்வியை இன்றும் கேட்க வைக்கும். அடுத்ததாக, நேற்று வந்த மெயில்களில் கிளையன்டுடையதற்கு முதலில் பதில் போட வேண்டும். வியாழன் காலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இதுவரை லீவில் ஆட்டோ ரிப்ளையே வைத்துப் பழகாதவர்கள், இன்டர்வியூ நாளன்று முதல் முறையாக வைக்க வேண்டாம். அடுத்த முறை ஊர்த் திருவிழாவுக்கோ தங்கை கல்யாணத்துக்கோ லீவு போடும்போதே அந்த மூன்று வரியை, காரணம் எழுதாமல், வைத்துவிடுங்கள். அதற்கடுத்த லீவுக்கும் அதே வரிகளில் தேதியை மட்டும் மாற்றுங்கள்.